தீபாவளிக்குச் சேலை போய்ச் சேராது என்று தெரிந்த நாளில் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது

சேலம் பக்கத்துக் கைத்தறிப் பருத்திச் சேலைகளை நான் வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது விலை வைப்பது பற்றியும் படம் எடுப்பது பற்றியும்தான். ஆனால் முதல் வருடத்திலேயே அவர்களை உலுக்கப்போவது வேறு ஒன்று. பணம் வாங்கியாகிவிட்டது, தேதி சொல்லியாகிவிட்டது, சேலை அந்தத் தேதிக்குப் போய்ச் சேராது. அன்றைக்கு வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது, யாருக்கு முதலில் எழுதுவது, எழுதிய பிறகு என்ன செய்வது என்பதை, நான் பட்ட ஒரு தீபாவளியை வைத்தே சொல்கிறேன்.

2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. என்னிடம் 62 ஆர்டர்கள் இருந்தன. எல்லாரிடமும் "அக்டோபர் 24-க்குள் உங்கள் கையில் இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கைத்தறியில் மழை எங்கே கடிக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தறி வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சேலையின் நீளவாட்டு நூலான பாவு வீட்டுக்குள் தயாராவதில்லை. பாவடி என்கிற திறந்தவெளியில் நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காய வைத்தால்தான் அது தறி ஏறும். நான்கு நாள் வெயில் இல்லையென்றால் பாவு ஏறாது. ஒரு பாவில் பல சேலைகள் வரும் என்பதால், ஒரு பாவு நின்றால் அத்தனை சேலையும் நிற்கும். அக்டோபர் 17, வியாழக்கிழமை மாலை நெசவாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது, சொன்ன தேதியைக் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

வாடிக்கையாளர் உண்மையில் என்ன கேட்கிறார்

தீபாவளிச் சேலை வராதபோது "ஏன் தாமதம்?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஓடுவது "நான் இப்போது கடைக்குப் போய் வேறு சேலை எடுக்க வேண்டுமா, வேண்டாமா?" என்பது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தையல்காரர் புதுத் துணியே வாங்கமாட்டார். சிலர் அந்தச் சேலையை மாமியாருக்கோ அண்ணிக்கோ எடுத்துக்கொடுக்க வைத்திருப்பார்கள். அவர்களுக்கு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நமது மன்னிப்புச் செய்தி செய்ய வேண்டிய முதல் வேலை, அவர்கள் கையில் மிச்சம் இருக்கும் நாட்களை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது. 17-ஆம் தேதி சொன்னால் அவர்களுக்குப் பதினான்கு நாள் இருக்கிறது. 24-ஆம் தேதி, அவர்களே கேட்ட பிறகு சொன்னால் ஏழு நாள். 28-ஆம் தேதி சொன்னால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த வாடிக்கையாளர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய நாள்.

எழுதும் முன் பட்டியலைப் பிரியுங்கள்

அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே போன்ற நிலையில் நான் ஒரே செய்தியை எழுதி எல்லாருக்கும் பிராட்காஸ்ட் செய்துவிட்டேன். அது பெரிய தவறாகப் போனது. முதல் நாள்தான் சேலை கைக்கு வந்து, எடுத்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கும் "உங்கள் சேலை தாமதமாகும்" என்று போய்ச் சேர்ந்தது. இன்னொரு பக்கம், போக வேண்டிய சிலருக்குப் போகவே இல்லை. பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். புதிய வாடிக்கையாளர் பெரும்பாலும் சேமித்திருக்கமாட்டார். நம்மை இன்னும் நம்பத் தொடங்காத அவருக்குத்தான் நம் செய்தி அவசரமாக வேண்டும்.

அதனால் இந்த முறை ஒரு நோட்டில் 62 பேரையும் எழுதிப் பிரித்தேன். 30 பேருக்குச் சேலை போய்விட்டது, அல்லது சொன்ன தேதிக்குள் போய்விடும். அவர்களுக்குச் செய்தி வேண்டாம். மீதி 32 பேர் மூன்று வகை.

11 பேருடைய சேலை நான் அனுப்பிவிட்டேன். கூரியரில் எங்கோ நிற்கிறது.

14 பேருடைய சேலை தறியில் இருக்கிறது. 24-க்குள் வராது, ஆனால் தீபாவளிக்கு முன் வந்துவிடும்.

7 பேருடைய சேலைக்குப் பாவே ஏறவில்லை. தீபாவளிக்கு முன் வாய்ப்பே இல்லை.

இந்த மூன்றுக்கும் ஒரே செய்தியை அனுப்பினால் மூன்றுமே பொய்யாகும். ஏழு பேருக்கு வீண் நம்பிக்கை போகும், பதினொரு பேருக்கு வீண் பயம் போகும். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் என்று ஒரு வசதி இருக்கிறது. மூன்று நிறத்தில் மூன்று லேபிள் போட்டுவிட்டால், பிறகு பதில் வரும்போது யார் எந்த வகை என்று தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வகையில் ஒருவரைச் சேர்க்கும் முன் நெசவாளரிடம் நேரில் கேளுங்கள். "எப்போது முடியும்?" என்று கேட்டால் "முடிச்சிரலாம்" என்றுதான் பதில் வரும். "இன்னும் எத்தனை முழம் இருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை முழம் ஓடுது?" என்று கேட்டால் கணக்கு வரும். அந்தக் கணக்கோடு இரண்டு நாள் கூட்டித்தான் தேதி சொல்ல வேண்டும்.

முதலில் என் கை எழுதிய செய்தி

பட்டியல் பிரித்த பிறகும், பழக்கத்தில் என் கை முதலில் எழுதியது இப்படி இருந்தது:

> அன்பான வாடிக்கையாளருக்கு வணக்கம். தொடர் மழை மற்றும் கூரியர் தாமதம் காரணமாகத் தங்கள் ஆர்டரை அனுப்புவதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளது. கூடிய விரைவில் அனுப்பி வைக்கப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம். தொடர்ந்து ஆதரவு தாருங்கள்.

படித்துப் பார்த்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் வாடிக்கையாளருக்குத் தேவையான ஒரு சொல்கூட இல்லை. வரி வரியாகப் பார்ப்போம், ஏனென்றால் புதிதாக எழுதும் எல்லாருக்கும் இதே வரிகள்தான் வருகின்றன.

"அன்பான வாடிக்கையாளருக்கு" என்றதும் இது எல்லாருக்கும் போன நோட்டீஸ் என்று தெரிந்துவிடும். ஆர்டர் எடுக்கும்போது "சொல்லுங்கக்கா, எந்தக் கலர் பிடிச்சிருக்கு?" என்று பேசினோம். தவறு நடந்த அன்று மட்டும் அக்கா வாடிக்கையாளர் ஆகிவிட்டால், நாம் ஒளிந்துகொள்கிறோம் என்றுதான் அவருக்குப் படும். ஆர்டர் எடுத்தபோது எப்படி அழைத்தோமோ, அக்கா, அம்மா, சார், மேடம், அதே அழைப்பு இப்போதும் இருக்கட்டும்.

"தாமதம் ஏற்பட்டுள்ளது" என்ற வினையை நான் என் செய்திகளிலிருந்து அடியோடு எடுத்துவிட்டேன். தாமதம் தானாக ஏற்பட்டது போல அது சொல்கிறது. "அனுப்பி வைக்கப்படும்" என்பதும் அப்படித்தான். யார் அனுப்புவார்? தூர்தர்ஷனில் படம் நின்றுபோகும்போது "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஓர் அட்டை வருமே, அதைப் பார்த்து யாரும் சமாதானமானதில்லை. சரியாகும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். பணம் கட்டியவரை அப்படி உட்கார வைக்கக் கூடாது. "நான் சொன்ன தேதியை என்னால் காப்பாற்ற முடியவில்லை" என்று எழுதினால் அதில் ஓர் ஆள் நிற்கிறார்.

"சற்று", "கூடிய விரைவில்". இவை இரண்டும் நம்முடைய அச்சத்துக்காக எழுதுபவை. வாடிக்கையாளர் இவற்றை "தெரியாது" என்றுதான் படிப்பார். தேதியும் கிழமையும் சேர்த்து எழுத வேண்டும். "அடுத்த செவ்வாய்" என்று எழுதினால் சிலர் முதலில் வரும் செவ்வாய் என்று எடுத்துக்கொள்வார்கள், சிலர் அதற்கு அடுத்தது என்று. "அக்டோபர் 29, செவ்வாய்" என்றால் குழப்பம் இல்லை.

"மழை மற்றும் கூரியர்". காரணம் சொல்லலாம், ஒரு வரி போதும். ஆனால் எது உண்மைக் காரணமோ அதை மட்டும் சொல்லுங்கள். தறியில் இருக்கும் சேலைக்குக் கூரியரைக் காரணம் சொன்னால், "அனுப்பிட்டீங்களா? நம்பர் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்த நிமிடம் மாட்டிக்கொள்வோம். நெசவாளர் மேல் பழி போடவே கூடாது. அவர் வாடிக்கையாளரிடம் எந்தத் தேதியும் சொல்லவில்லை. தேதி சொன்னது நான். உண்மையில் என் தவறு எது என்று யோசித்தேன். அக்டோபர் நடுவில் மழை வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் 10-ஆம் தேதி வரை ஆர்டர் எடுத்தேன், மழைக்கென்று நான்கு நாள் ஒதுக்கவில்லை. இதுதான் தவறு. இதைச் சொல்லும்போது மழை சாக்காகத் தெரியாது.

"ஆதரவு தாருங்கள்" என்று இந்த நேரத்தில் கேட்பது அநியாயம். ஆதரவு ஏற்கெனவே பணமாக நம் கணக்கில் இருக்கிறது.

மூன்று வகைக்கும் மூன்று செய்தி

தீபாவளிக்குள் வர வாய்ப்பே இல்லாத ஏழு பேருக்குத்தான் முதலில் அனுப்பினேன். கெட்ட செய்தி யாருக்கு அதிகமோ, அவருக்குத்தான் நேரமும் அதிகம் வேண்டும்.

> வணக்கம் அக்கா. நீங்க எடுத்த மயில்கழுத்து நிறச் சேலை தீபாவளிக்கு முன்னாடி உங்களுக்கு வந்து சேராது. 24-ஆம் தேதிக்குள்ள தர்றேன்னு சொன்னது நான். மழை வரும்னு தெரிஞ்சும் நாள் ஒதுக்காம ஆர்டர் எடுத்துட்டேன், பாவு காயலை. என்னை மன்னிச்சிடுங்க.
>
> நீங்க வேற சேலை எடுக்க நேரம் இருக்கணும்னுதான் இன்னிக்கே சொல்றேன். மூணு வழி இருக்கு:
> 1. முழுப் பணம் 1,450 ரூபாய் இன்னிக்கே திருப்பி அனுப்பறேன்.
> 2. கையில் தயாரா இருக்கிற சேலைகள் படம் அனுப்பறேன். பிடிச்சா நாளைக்கே அனுப்பிடலாம்.
> 3. இதே சேலைதான் வேணும்னா நவம்பர் 15, வெள்ளிக்கிழமைக்குள்ள வரும்.
>
> 1, 2, 3-ன்னு நம்பர் மட்டும் அனுப்பினா போதும். நாளை மாலை 6 மணி வரைக்கும் பார்த்துட்டு, பதில் வரலைன்னா பணத்தை அனுப்பிடறேன்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. வராது என்ற செய்தி முதல் வரியில் இருக்கிறது. போன் திரையில் அறிவிப்பாகத் தெரிவது அந்த ஒரு வரிதான். அதில் "வணக்கம், நலமா, தொடர்ந்து ஆதரவளிக்கும் உங்களுக்கு" என்று போனால், திறந்து படிக்காமலே விட்டுவிடுவார்கள். மன்னிப்பு ஒரே ஒரு முறை வருகிறது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டால், படிப்பவர்தான் நம்மைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வருவார். அது அவர் வேலை இல்லை.

கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழிகளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். தீபாவளி நேரம், வேலை இருக்கும், கோபமும் இருக்கும். பதில் வராதபோது என்ன நடக்கும் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். அது எப்போதும் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பான பக்கமாக இருக்க வேண்டும். கையில் சேலையும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலையில் அவரை ஒரு நாள்கூட விடக் கூடாது. அதனால்தான் இங்கே பதில் இல்லை என்றால் பணம் திரும்பிப் போகிறது.

தறியில் இருக்கும் பதினான்கு பேருக்கு இதே அமைப்பில், சுருக்கமாக:

> வணக்கம் மேடம். உங்க சேலை 24-ஆம் தேதி வந்து சேராது. அக்டோபர் 29, செவ்வாய்க்குள்ள வரும். மழைக்கு நாள் ஒதுக்காம தேதி சொன்னது என் தப்பு, மன்னிச்சிடுங்க. இப்போ தறியில் இருக்கு, படம் கீழே.
>
> 29 உங்களுக்குத் தோதுப்படுமா? ஜாக்கெட் தைக்க நேரம் போதாதுன்னா சொல்லுங்க, சேலையிலேயே ஜாக்கெட் துணி சேர்ந்து வர்றதுக்குப் பதிலா அதே நிறத் துணி ஒண்ணு நாளைக்கே தனியா அனுப்பிடறேன். வேண்டாம்னா முழுப் பணமும் திருப்பித் தர்றேன். கூரியர் செலவு 80 ரூபாய் எப்படியும் உங்களுக்குத் திரும்ப வரும்.
>
> 22-ஆம் தேதி செவ்வாய் மாலை, எந்த நிலையில் இருக்குன்னு நானே மறுபடி சொல்றேன்.

ஜாக்கெட் துணியை நான் முதலில் யோசிக்கவில்லை. எழுதும்போது, இந்தத் தாமதத்தால் அவருக்கு உண்மையில் எது கெடுகிறது என்று கேட்டுப் பார்த்தபோதுதான் தோன்றியது. ஒரு மீட்டர் துணிதான். பதினான்கு பேரில் ஐந்து பேர் அதைக் கேட்டு வாங்கினார்கள். பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பனை விட அது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி என்று மன்னிப்புச் செய்தியிலேயே எழுதுவதை நான் எதிர்க்கிறேன். இந்த முறை வாங்கியதே கைக்கு வராதபோது அடுத்த முறையைப் பற்றிப் பேசினால், மன்னிப்பு விளம்பரமாகிவிடும்.

படம் அனுப்பினால் அவருடைய சேலையின் படமாக இருக்க வேண்டும், பாதி நெய்த நிலையில், நிறம் தெரியும்படி. நெசவாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒழுகும் கூரையையும் நனைந்த திண்ணையையும் எடுத்து அனுப்பி இரக்கம் தேடாதீர்கள். அது நெசவாளருக்கும் மரியாதை இல்லை, வாடிக்கையாளரையும் பேச முடியாமல் ஆக்கிவிடும்.

கூரியரில் நின்ற பதினொரு பேருக்கு எழுதும் முன் கூரியர் கிளைக்குப் போன் செய்தேன். இணையத்தில் பார்த்தால் மூன்று நாளாக In Transit என்று ஒரே வரிதான் இருந்தது. வாடிக்கையாளருக்கு அந்த லிங்க்கை அனுப்பி "இதில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வேலையை அவர் தலையில் கட்டுவது. பார்சல் கடைசியாக எந்த ஊரில் பதிவானது, அங்கிருந்து வண்டி கிளம்பியதா என்று நாம் கேட்டு, அதை எழுத வேண்டும்:

> உங்க பார்சலை 14-ஆம் தேதி அனுப்பிட்டேன். 15-ஆம் தேதி சென்னைக்கு வந்திருக்கு, அங்கிருந்து உங்க ஏரியாவுக்கு இன்னும் போகலை. இன்னிக்குக் கிளையில் பேசினேன், மழையால் வண்டி குறைவா ஓடுதுன்னு சொன்னாங்க. தினமும் நானே கேட்டுச் சொல்றேன். 22-ஆம் தேதிக்குள்ள வரலைன்னா முழுப் பணத்தையும் அனுப்பிடறேன், அதுக்கப்புறம் பார்சல் வந்தா வாங்கறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணலாம்.

கூரியர் சார்பில் "நாளை வந்துவிடும்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நம் கையில் இருப்பது பணத்தைத் திருப்பித் தரும் தேதி மட்டும்தான். அந்தத் தேதியை மட்டும் வாக்காகக் கொடுக்கலாம்.

பொருள் வந்த பிறகு பணம் தருகிற ஆர்டர் இருந்தால் இன்னும் கவனம். தாமதமாக வந்த பார்சலை அவர் வாங்காமல் திருப்பிவிட்டால், போன செலவும் திரும்பி வரும் செலவும் நம்முடையது. அதனால் அவரிடம் "இப்போதும் வேண்டுமா?" என்று கேட்டு "ஆமாம்" வந்த பிறகே அனுப்புங்கள்.

அனுப்பும் முறை

32 செய்திகளையும் ஒவ்வொன்றாக அனுப்பினேன். பொதுவான பகுதியை வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளையாகச் சேமித்துக்கொண்டு, அழைப்பு, சேலை நிறம், தொகை, தேதி ஆகிய நான்கையும் கையால் மாற்றினேன். முழுதாக இரண்டு மணி நேரம் ஆனது. அனுப்பும் முன் தொகையையும் நிறத்தையும் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். மன்னிப்புச் செய்தியில் வேறொருவருடைய சேலையின் நிறம் இருந்தால், அதற்கு இன்னொரு மன்னிப்பு வேண்டியிருக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டதால் ஏழு பேருக்கு மட்டும் அன்றே அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் அனுப்பினேன். வயதான இரண்டு அம்மாக்கள் எழுத்தைப் படிக்கமாட்டார்கள் என்று தெரியும். அவர்களுக்கு இதே விஷயத்தை ஒரு நிமிடத்துக்குள் குரல் செய்தியாக அனுப்பினேன்.

செய்தி போன பிறகு போன் கையில் இருக்க வேண்டும். அனுப்பிவிட்டுத் தூங்கப் போவது, சொல்லாமல் இருப்பதை விட மோசம்.

கோபமாக வரும் பதிலுக்கு

ஓர் அக்கா எழுதினார்: "நீங்க சொன்னதை நம்பித்தானே பணம் போட்டேன். இப்போ வந்து மழைங்கறீங்க. எங்க ஊர்லயும்தான் மழை."

இதற்கு "உங்கள் கோபம் புரிகிறது, ஆனால்" என்று தொடங்கத்தான் எல்லாருக்கும் வரும். அந்த "ஆனால்" வந்ததும் முன்னால் சொன்னது அழிந்துவிடும். நான் எழுதியது இது: "ஆமாக்கா. நான் சொன்ன தேதியை நம்பித்தான் போட்டீங்க. தப்பு என்னுடையது. பணம் 1,450 இப்பவே அனுப்பட்டுமா, இல்ல தயாரா இருக்கிற சேலையைப் பார்க்கறீங்களா?" அவர் சொன்னதில் உண்மை எது என்பதைத் திருப்பிச் சொல்லி, உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டால், பேச்சு அங்கே நகரும். அவர் பணத்தையே கேட்டார். அனுப்பினேன். யுபிஐயில் அனுப்பியதும் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் எழுதி அனுப்பிவிட வேண்டும். "அனுப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னால் அவர் வங்கிக் கணக்கைப் போய்த் தேட வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தருவதில் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்ன கால அளவுக்குப் பிறகு பொருள் வந்து சேர்ந்தால், அதைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. நம் சக்தியை மீறிய பேரிடரால் வந்த தாமதத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் வாதாட வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வோர் ஆண்டும் வருகிற பருவமழையைப் பேரிடர் என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஏழு பேரில் நான்கு பேர் பணம் வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் வேறு சேலை எடுத்தார், இரண்டு பேர் அதே சேலைக்குக் காத்திருந்தார்கள். பதினான்கு பேரில் இரண்டு பேர் மட்டும் பணம் கேட்டார்கள்.

சொன்ன தேதி மறுபடி தவறினால்

22-ஆம் தேதி மாலை, சொன்னபடியே பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன். பத்துச் சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டது. அதை எழுதுவது சுலபம். இரண்டு சேலை இன்னும் தறியில் இருந்தது. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை என்றாலும், சொன்ன மணிக்கு எழுதத்தான் வேண்டும். "இன்னும் ரெண்டு முழம் இருக்கு, 24 காலையில் இறங்கும்" என்பதும் செய்திதான். நாம் எழுதாமல் விடும் அந்த ஒரு மாலைதான், அவர்கள் நம்மை நம்புவதை நிறுத்தும் மாலை.

24 காலையிலும் அந்த இரண்டும் இறங்கவில்லை. இப்போது செய்தி அனுப்பக் கூடாது. இரண்டாவது முறை தேதி தவறும்போது எழுத்து எதுவாக இருந்தாலும் வெட்டிப் பேச்சாகத்தான் தெரியும். போன் செய்தேன். "அக்கா, ரெண்டாவது தடவையும் தவறிட்டேன். 25 ராத்திரிதான் கையில் வரும். கூரியர்ல போட்டா தீபாவளிக்கு வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. பணத்தை இப்பவே அனுப்பறேன். சேலைதான் வேணும்னா, ஆம்னி பஸ் பார்சல்ல போட்டு விடறேன், செலவு என்னுது." ஒருவர் பணம் வாங்கிக்கொண்டார். மதுரையில் இருந்த இன்னொருவர் சேலையே வேண்டும் என்றார். 25 இரவு பஸ்ஸில் ஏற்றி, வண்டி எண்ணையும் டிரைவர் நம்பரையும், காலை எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் வாங்க வேண்டும் என்பதையும் அனுப்பினேன். காலை ஆறு மணிக்கு நானே எழுந்து "வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

மூன்றாவது தேதி என்று ஒன்று கிடையாது. இரண்டாவது தேதியும் தவறினால் அவர் கேட்காமலே பணம் போக வேண்டும்.

சேலை போய்ச் சேர்ந்த பிறகு

பார்சல் கைக்குக் கிடைத்த அன்று ஒரே ஒரு வரி: "சேலை வந்துடுச்சா அக்கா? நிறம் நினைச்ச மாதிரி இருக்கா?" தாமதமாகப் போன பார்சலில் வேறு குறையும் இருந்தால், ஏற்கெனவே ஒரு முறை சங்கடப்பட்டவர் நம்மிடம் சொல்லமாட்டார், மனதிலேயே வைத்துக்கொள்வார். கேட்டால்தான் தெரியும். என்னிடம் ஒருவர் முந்தானையில் மழைத் தண்ணீர்க் கறை இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். அதை மாற்றிக் கொடுத்தேன்.

இந்த நேரத்தில் ரிவ்யூ கேட்காதீர்கள், ஸ்டேட்டஸில் போடச் சொல்லாதீர்கள். திருப்பித் தருவதாகச் சொன்ன 80 ரூபாய் எல்லாருக்கும் போய்விட்டதா என்று நோட்டில் ஒவ்வொருவராக டிக் அடித்துப் பாருங்கள். பெரிய தொகை நினைவிருக்கும், இந்தச் சிறிய தொகைதான் விட்டுப்போகும். நான் அடித்துப் பார்த்தபோது மூன்று பேருக்குப் போகவில்லை. அக்டோபர் 30 இரவு அவர்களுக்கும் அனுப்பிவிட்டு, அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் மறு வருடக் கணக்கை எழுதினேன். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. பாவு தறி ஏறவும், மழைக்கும், கூரியருக்கும் நாள் கழித்தால், ஆர்டர் எடுக்கும் கடைசி நாள் செப்டம்பர் 20.